ஸ்டெப்னி இல்லாத கார் பஞ்சர் ஆனால் எவ்வளவு தூரம் போகலாம்? ரன்-ஃப்ளாட், செல்ஃப்-சீலிங் டயர்களின் உண்மைக் கணக்கு

புது கார் வாங்கப் போகிறீர்களா? டெலிவரி எடுக்கும் முன் டிக்கியைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன கம்ப்ரஸரும் ஒரு சீலன்ட் பாட்டிலும் மட்டும் இருக்கலாம். சில கார்களில் அதுவும் இருக்காது.

இது ஷோரூம்காரர் செய்த ஏமாற்று வேலை இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் காரில் ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் டிபிஎம்எஸ் கருவி, பஞ்சர் ரிப்பேர் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்பதுதான் அந்தத் திருத்தம். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மிச்சமாகும் இடம் எலெக்ட்ரிக் கார்களின் பேட்டரிக்கு உதவும் என்பதும் அரசு சொன்ன காரணங்களில் ஒன்று.

ஸ்டெப்னி போன இடத்தை நிரப்பத்தான் ரன்-ஃப்ளாட், செல்ஃப்-சீலிங் என்ற இரண்டு வார்த்தைகள் விளம்பரங்களில் அடிக்கடி வருகின்றன. "பஞ்சர் ஆனாலும் 80 கிலோமீட்டர் ஓடும் சார்" என்று விற்பனையாளர் சொல்வார். அந்த 80 எங்கிருந்து வந்தது? உங்கள் காருக்கு, உங்கள் பயணத்துக்கு அது பொருந்துமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் நெடுஞ்சாலையில் அந்த எண்ணை நம்பிப் போவது ஆபத்து.

காற்று போனால் சாதாரண டயருக்கு என்ன ஆகிறது?

காரைத் தாங்குவது ரப்பர் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 400 கிலோ இறங்குகிறது. டயரில் 33 பிஎஸ்ஐ காற்று இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 2.3 கிலோ எடையை அது தாங்கும். அப்படியானால் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 175 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு சேர்த்து ஒரு கை அளவுதான்.

காற்று போய்விட்டால் இந்த 400 கிலோவும் டயரின் பக்கச்சுவர் மேல் விழுகிறது. சாதாரண டயரில் அந்தச் சுவர் மெல்லியது. அது மடங்கி, ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும். சில நூறு மீட்டர் ஓட்டினாலே உள்பக்கம் கிழிந்து, வெறும் ஆணி பஞ்சராக இருந்தது முழு டயரையும் மாற்ற வேண்டிய செலவாக மாறிவிடும். வேகமாகப் போய்க்கொண்டிருந்தால் டயரே ரிம்மை விட்டுக் கழன்று, கார் கட்டுப்பாட்டை இழக்கவும் வாய்ப்பு உண்டு. "பக்கத்துலதான் பஞ்சர் கடை, மெதுவா உருட்டிட்டுப் போயிடலாம்" என்ற கணக்கு சாதாரண டயரில் செல்லாது.

ரன்-ஃப்ளாட்: காற்று இல்லாமலும் நிற்கும் சுவர்

ரன்-ஃப்ளாட் டயரில் பக்கச்சுவரின் உள்ளே கூடுதலாகக் கெட்டியான ரப்பர் அடுக்கு வைக்கிறார்கள். காற்று முழுசாகப் போனாலும் அந்தச் சுவரே காரைத் தூக்கி நிறுத்தும். வெளியே நின்று பார்த்தால் டயர் தட்டையாகியிருப்பது சில நேரம் தெரியவே தெரியாது.

ஆனால் அந்தச் சுவர் சும்மா நிற்பதில்லை. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும், சாலையைத் தொடும் இடத்தில் ஒருமுறை அழுந்தி வளைந்து, பிறகு நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளையும் இடம் சுடும் இல்லையா? அதேபோல ரப்பரும் சுடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 205/55 ஆர்16 என்ற, பல செடான் கார்களில் இருக்கும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 முறை அந்தச் சுவர் மடங்கி நிமிர்கிறது. 80 கிலோமீட்டர் முடியும்போது 40,000 முறை. ஒவ்வொரு மடங்கலும் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கிறது. சேரும் சூடு, வெளியேறும் சூட்டை விட அதிகமானால் ரப்பர் இளகி, அடுக்குகள் பிரிந்து, டயர் உடைந்துபோகும்.

ஆக, ரன்-ஃப்ளாட் டயரின் ஆயுளைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமில்லை, சூடு. சூட்டைத் தீர்மானிப்பது மூன்று விஷயங்கள்: காரில் எவ்வளவு எடை, என்ன வேகம், சாலை எவ்வளவு சூடு.

அப்போ அந்த 80 என்ன?

வாகனப் பாகங்களுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 30-ல் ரன்-ஃப்ளாட் டயருக்கு ஒரு வரையறை உண்டு. காற்றில்லாத நிலையில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், 80 கிலோமீட்டர் தூரத்துக்காவது டயர் தன் அடிப்படை வேலையைச் செய்ய வேண்டும் என்பது அந்த வரையறை. உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் சொல்லும் "80-க்கு 80" இந்த அளவுகோலோடு ஒத்துப்போகிறது.

ஆனால் டயரைச் சோதிப்பது ஆய்வகத்தில், சுழலும் ஓர் உருளையின் மேல். அங்கே பள்ளம் கிடையாது, வேகத்தடை கிடையாது, டிக்கி நிறைய சூட்கேஸும் கிடையாது. அதனால் 80 என்பதை எந்த நிலைமையிலும் கிடைக்கும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எடை எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ரன்-ஃப்ளாட் டயரைப் பெரிய அளவில் பரப்பிய பிஎம்டபிள்யூ, முந்தைய தலைமுறை 3 சீரிஸ் கார்களின் கையேட்டில் ஒரே எண்ணாகச் சொல்லாமல் மூன்றாகப் பிரித்துச் சொன்னது. ஒன்றிரண்டு பேர், லக்கேஜ் இல்லை என்றால் சுமார் 250 கிலோமீட்டர். நாலு பேர் லக்கேஜ் இல்லாமல், அல்லது இரண்டு பேர் டிக்கி நிறையப் பொருளோடு என்றால் சுமார் 150. நாலு பேரும் டிக்கி நிறைய லக்கேஜும் என்றால் சுமார் 50 மட்டுமே. மூன்றுக்கும் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர்தான்.

அதே டயர், அதே கார். தனியாக ஆபீஸ் போகும்போது கிடைக்கும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குடும்பத்தோடு டூர் போகும்போது கிடைக்கிறது. நமக்கு ரன்-ஃப்ளாட் ரொம்பத் தேவைப்படுவதும் அந்த டூரில்தான்.

ஒரு பயணத்தில் வைத்துப் பார்ப்போம்

நொய்டாவில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம், நாலு பேர், டிக்கி நிறைய பை, கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ராவுக்கு யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் போகிறீர்கள். மொத்த நீளம் 165 கிலோமீட்டர். கான்கிரீட் சாலை, வெயிலில் நன்றாகச் சுட்டுக் கிடக்கும். சரியாகப் பாதி வழியில் டாஷ்போர்டில் டயர் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பின் இடது டயரில் காற்றே இல்லை.

முன்னே போனாலும் சுமார் 82 கிலோமீட்டர், திரும்பினாலும் சுமார் 82. விளம்பரத்தின் 80-ஐ நம்பினால்கூட இரண்டு கிலோமீட்டர் குறைகிறது. முழுச் சுமைக்கான 50 என்ற கணக்கை வைத்தால் ஆக்ரா எட்டவே எட்டாது. இந்த வெயிலில் 50-ஐயும் முழுசாக எதிர்பார்க்கக் கூடாது.

முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டாம். வேகம் தானாகக் குறைந்த பிறகு, ஹஸார்ட் விளக்கு போட்டு, பாதுகாப்பாக ஒதுங்க இடம் கிடைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஆட்கள் எல்லோரும் சாலைப் பக்கம் நிற்காமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும்.

பிறகு டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் வெட்டு, வீக்கம், ரிம்மில் விரிசல், வளைவு இதில் எது இருந்தாலும் பயணம் அங்கேயே முடிந்தது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள். காரைத் தாங்க வேண்டியதே அந்தச் சுவர்தான். அதுவே கிழிந்திருந்தால் ரன்-ஃப்ளாட் என்ற பெயருக்கு அர்த்தமில்லை.

சுவர் நன்றாக இருந்தால் போகலாம். ஆனால் இனி உங்கள் இலக்கு ஆக்ரா இல்லை. முன்னால் இருக்கும் அடுத்த டோல் பிளாஸா அல்லது வெளியேறும் வழி. எக்ஸ்பிரஸ்வேயில் நினைத்த இடத்தில் யூ-டர்ன் கிடைக்காது என்பதால் முன்னே இருப்பதைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். 80 என்பது உச்ச வரம்பு. இடது பாதையில் 50, 60-ல் போனால் சூடு குறைவாகச் சேரும். பின்னால் வேறு காரில் நண்பர்கள் வந்தால், இரண்டு பேரையும் பைகளையும் அதில் ஏற்றிவிடுங்கள். டயருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

போகும் வழியில் வண்டி அதிர ஆரம்பித்தாலோ, ரப்பர் கருகும் வாடை வந்தாலோ, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, மிச்சம் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல் நிறுத்திவிடுங்கள். டயர் உடையப் போகிறது என்பதற்கான அறிகுறிகள் அவை.

வெளியேறிய பிறகும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. உங்கள் அளவிலான ரன்-ஃப்ளாட் டயர் சின்ன ஊர்க் கடையில் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும், கெட்டியான பக்கச்சுவரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்ட உதவிக் கை கொண்ட மெஷின் வேண்டும். கடப்பாரை வைத்துக் கழற்றும் கடையில் கொடுத்தால் டயரோ, ரிம்மோ, உள்ளே இருக்கும் சென்சாரோ போய்விடும். எனவே ரன்-ஃப்ளாட் உங்களுக்கு வாங்கித் தருவது பயணத்தின் முடிவு வரை போகும் வசதியை அல்ல, ஆபத்தான இடத்திலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு நகரும் வசதியைத்தான்.

கணக்கு எப்போது தொடங்குகிறது?

பலர் கவனிக்காத விஷயம் இது. 50 ஆகட்டும், 80 ஆகட்டும், அது எண்ணப்படுவது காற்று போன நேரத்திலிருந்து. விளக்கை நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து இல்லை.

ரன்-ஃப்ளாட்டில் காற்று போனது கைக்கும் தெரியாது, கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. அதனால்தான் டிபிஎம்எஸ் இல்லாமல் ரன்-ஃப்ளாட் போடவே கூடாது என்கிறார்கள். டிபிஎம்எஸ் இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் சென்சார் இருந்து அழுத்தத்தை நேரடியாக அளக்கும். இன்னொன்று ஏபிஎஸ் சென்சார்களை வைத்து ஊகிக்கும். காற்று குறைந்த டயரின் ஆரம் கொஞ்சம் சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பிடித்து விளக்கைப் போடும்.

இரண்டாவது வகையில், காற்று பிடித்த பிறகு ஒவ்வொரு முறையும் ரீசெட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அது தப்பான அளவைச் சரி என்று நினைத்துக்கொண்டிருக்கும். உங்கள் காரில் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். நாலு டயரின் பிஎஸ்ஐயும் தனித்தனியாகத் திரையில் தெரிந்தால் அது நேரடி வகை.

செல்ஃப்-சீலிங்: காற்றைப் போகவே விடாத டயர்

இதையும் ரன்-ஃப்ளாட்டையும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் நிறைய. இரண்டும் எதிரெதிர் வழிகள். ரன்-ஃப்ளாட் காற்று போன பிறகு சமாளிக்கிறது. செல்ஃப்-சீலிங் காற்று போகாமல் தடுக்கிறது.

இந்த டயரின் பக்கச்சுவர் சாதாரணமானதுதான். சாலையைத் தொடும் ட்ரெட் பகுதிக்கு உள்பக்கமாக, சில மில்லிமீட்டர் கனத்தில் ஒட்டும் பசை போன்ற பாலிமர் பூசியிருப்பார்கள். ஆணி ஏறினால் அந்தப் பசை ஆணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஆணி பிடுங்கிக்கொண்டு போனால், உள்ளே இருக்கும் காற்றழுத்தமே பசையை ஓட்டைக்குள் தள்ளி அடைத்துவிடும்.

கான்டினென்டலின் கான்டிசீல் 5 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டையையும், பிரெல்லியின் சீல் இன்சைடு 4 மில்லிமீட்டர் வரையிலும் அடைக்கும் என்று அந்தக் கம்பெனிகள் சொல்கின்றன. இந்தியாவில் ஜே.கே. டயர் 2020-ல் அறிமுகம் செய்த பஞ்சர் கார்டு டயருக்குச் சொன்ன அளவு 6 மில்லிமீட்டர். நம் சாலையில் ஏறும் பெரும்பாலான ஆணியும் ஸ்க்ரூவும் இந்த அளவுக்குள்தான் வரும்.

அப்படியானால் இதில் எவ்வளவு தூரம் போகலாம்? அந்தக் கேள்வியே இங்கே எழாது. அழுத்தம் குறையவில்லை என்றால் தூரத்துக்கும் வேகத்துக்கும் தனி வரம்பு இல்லை. யமுனா எக்ஸ்பிரஸ்வே பயணத்தில் ஏறியது ஆணி என்றால், ஆக்ரா போய், தாஜ்மஹால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பிறகும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அதுவே இதன் குறையும்கூட. ஆணி உள்ளேயே இருந்து டயரின் கம்பி அடுக்கை அரிக்கலாம், ஓட்டையைப் பெரிதாக்கலாம். டிபிஎம்எஸ்ஸும் எதுவும் சொல்லாது. எனவே மாதம் ஒருமுறை ட்ரெட்டைக் கண்ணால் பார்ப்பது உங்கள் வேலை. ஆணி தெரிந்தால் நீங்களே பிடுங்காமல் டயர் கடைக்குப் போங்கள். பசை இருக்கும் இடத்தில் பேட்ச் ஒட்டாது. அந்த இடத்தில் மட்டும் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டத் தெரிந்த கடையாக இருக்க வேண்டும்.

பெரிய வரம்பு இன்னொன்று. பசை இருப்பது ட்ரெட்டுக்கு அடியில் மட்டும். பள்ளத்தின் விளிம்பில் அடிபட்டுப் பக்கச்சுவர் கிழிந்தால், இது சாதாரண டயர். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

கிட் மட்டும் இருந்தால்?

நம்மில் அதிகம் பேருக்குக் கிடைக்கப் போவது இதுதான்: சாதாரண டயர், ஒரு சீலன்ட் பாட்டில், ஒரு கம்ப்ரஸர். இதுவும் ட்ரெட்டில் உள்ள சின்ன ஓட்டைக்கு மட்டும். சீலன்டை ஏற்றி, காற்று பிடித்து, உடனே பத்து நிமிடம் மெதுவாக ஓட்ட வேண்டும். அப்போதுதான் திரவம் உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். பிறகு நிறுத்தி அழுத்தத்தைப் பாருங்கள். 1.3 பாருக்கு, அதாவது சுமார் 19 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கியிருந்தால் அடைக்கவில்லை என்று அர்த்தம், மேலே ஓட்டக் கூடாது என்று பல கையேடுகள் சொல்கின்றன. தாங்கினால், வழக்கமாக 80-க்கு மிகாத வேகத்தில் பஞ்சர் கடை வரை போகலாம்.

பாட்டிலுக்குக் காலாவதி தேதி உண்டு. காரோடு வந்த பாட்டிலை ஐந்தாறு வருஷம் கழித்துத் திறந்தால் உள்ளே இறுகிப் போயிருக்கலாம்.

ரன்-ஃப்ளாட்டில் ஓட்டிய டயரை மறுபடி பயன்படுத்தலாமா?

காற்றில்லாமல் ஓட்டியிருந்தால் மாற்றிவிடுவதுதான் நல்லது. பெரும்பாலான தயாரிப்பாளர்களும் அதையே சொல்கிறார்கள். வெளியே புதுசு போலத் தெரியும். ரிம்மிலிருந்து கழற்றினால் உள்ளே கறுப்பு ரப்பர் பொடி கொட்டியிருந்தாலோ, பக்கச்சுவரின் உள்பக்கம் வட்டமாகச் சுருக்கம் விழுந்திருந்தாலோ அந்தச் சுவர் செத்துவிட்டது. ஆணி ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுத்தால், அடுத்த வேகப் பயணத்தில் அது வெடிக்கலாம்.

விலையும், பள்ளத்தில் தூக்கிப்போடும் கெட்டித்தனமும் பிடிக்காமல், சிலர் ரன்-ஃப்ளாட்டைக் கழற்றிச் சாதாரண டயர் போட்டுவிடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் காரில் ஸ்டெப்னிக்கு இடமே இருக்காது. கம்ப்ரஸரும் சீலன்டும் வாங்கி வைக்காமல் அப்படிச் செய்தால் இரண்டு பாதுகாப்பும் போச்சு. நாலில் இரண்டை மட்டும் மாற்றி, இரண்டு வகையையும் கலந்து ஓட்டவும் கூடாது.

நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

நகரத்துக்குள்ளேயே அதிகம் ஓட்டுகிறீர்கள், ஆணி பஞ்சர்தான் தொல்லை என்றால் செல்ஃப்-சீலிங் போதும். ராத்திரியில் தனியாக நெடுஞ்சாலையில் போகும் வேலை, இறங்கி நிற்பதே ஆபத்து என்றால் ரன்-ஃப்ளாட்டின் விலைக்கு அர்த்தம் உண்டு. பள்ளம் நிறைந்த சாலையில், டயர் கடைகள் தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு அடிக்கடி குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால், பக்கச்சுவர் கிழிந்தாலும் கை கொடுப்பது பழைய ஸ்டெப்னி ஒன்றுதான். அது தற்காலிகமான ஒல்லி ஸ்டெப்னியாக இருந்தால், அதன் மேலேயும் 80 என்ற வேக வரம்பு எழுதியிருக்கும்.

இப்போது உங்கள் காரில் இருப்பது என்ன டயர் என்று தெரியவில்லையா? பக்கச்சுவரைப் படியுங்கள். அளவில் 'ஆர்' என்ற எழுத்துக்குப் பதில் 'ஆர்எஃப்' இருந்தால் ரன்-ஃப்ளாட். பிரிட்ஜ்ஸ்டோன் 'ஆர்எஃப்டி' என்றும், மிச்செலின் 'இசட்பி' என்றும், கான்டினென்டல் 'எஸ்எஸ்ஆர்' என்றும் குறிப்பிடுகின்றன. அப்படி எதுவும் இல்லை, டிக்கியில் ஸ்டெப்னியும் இல்லை என்றால், அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் அந்த சீலன்ட் பாட்டிலின் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.